ஆடியில் ஆயிரத்து ஐந்நூறு, ஆவணியில் இருபத்தையாயிரம்

கல்யாணப் புகைப்படக்காரரின் வருமானம் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வரும். வைகாசி, ஆனி, ஆவணி, தை என்று முகூர்த்தம் நிறைந்த மாதங்களில் கையில் காசு புரளும். ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பைக்குள்ளேயே கிடக்கும். புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. இப்படி ஒருவர் கடன் வாங்கினால், மாதம் பிறந்ததும் ஒரே தொகையை எடுத்துவைக்க அவரால் முடியாது. இருக்கும்போது கூடுதலாகவும், இல்லாதபோது குறைவாகவும் கட்டுவார். சில மாதம் கட்டாமலே போவார்.

வங்கிக் கடன் என்றால் அதற்கு இஎம்ஐ உண்டு, அதைக் கணக்கிட இணையத்தில் நூறு கருவிகள் உண்டு. எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் PMT என்ற சூத்திரம் தயாராகவே இருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தவணை ஒவ்வொரு முறையும் ஒரே தொகை, இடைவெளி ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு மாதம். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தச் சூத்திரம் சொல்லும் பாக்கிக்கும் உண்மையான பாக்கிக்கும் தொடர்பு இல்லாமல் போகும். சொந்தக்காரரிடம், நண்பரிடம், தெரிந்த கடைக்காரரிடம் வாங்கும் கடன்களில் இரண்டுமே தவறும். அங்கே கணக்கு பெரும்பாலும் ஒரு நோட்டிலும் இரண்டு பேரின் ஞாபகத்திலும் இருக்கும். சண்டை வருவது அந்த ஞாபகங்கள் ஒத்துப்போகாத இடத்தில்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் ஊருக்கு ஊர் இருக்கக்கூடியவர். அந்தப் புகைப்படக்காரர் புதுக் கேமராவுக்காக 2025 மே 5 அன்று தாய்மாமனிடம் 3,00,000 ரூபாய் வாங்குகிறார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். தவணை என்று எதுவும் பேசவில்லை. "முடியும்போது கட்டு மாப்ளே, வட்டி மட்டும் ஓடிக்கிட்டிருக்கும்" என்பதுதான் ஒப்பந்தம். அவர் கட்டியது இப்படி: ஜூன் 7இல் 15,000. ஜூலை 10இல் 12,000. ஆகஸ்ட் 8, ஆடி மாதம், வெறும் 1,500. செப்டம்பர் 12, ஆவணிக் கல்யாணங்கள் கைகொடுத்ததால் 25,000. அக்டோபரில் ஒன்றும் இல்லை. நவம்பர் 14இல் 20,000.

நவம்பர் 14 மாலை, மாமாவுக்கு இன்னும் எவ்வளவு தரவேண்டும்?

இதற்கு விடை காண ஆறு நெடுவரிசைகள் போதும். ஆனால் சூத்திரம் எழுதுவதற்கு முன்பு இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டு விஷயங்களைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். கணினி அதைத் தீர்த்து வைக்காது.

முதலாவது, வட்டியை மாதக் கணக்கில் போடுவதா, நாள் கணக்கில் போடுவதா. ஊர் வழக்கம் மாதக் கணக்குதான். மூன்று லட்சத்துக்கு மாதம் 3,000 என்று வாயாலேயே சொல்லிவிடலாம். பணம் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வந்தால் அது சரியாகவே இருக்கும். இங்கே ஏழாம் தேதி, பத்தாம் தேதி, எட்டாம் தேதி என்று வருகிறது. இரண்டு நாள் பிந்தினால் என்ன செய்வது, முழு மாதமாக எடுப்பதா, விட்டுவிடுவதா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். நாள் கணக்கில் அந்தக் கேள்வியே இல்லை. பாக்கி அசல் எத்தனை நாள் நின்றதோ அத்தனை நாளுக்கு வட்டி. 3,00,000 ரூபாய்க்கு 12 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி 98 ரூபாய் 63 பைசா.

வங்கிகளே இந்த வழிக்கு வர நெடுநாள் ஆயிற்று. சேமிப்புக் கணக்குக்கு முன்பெல்லாம் ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி முதல் மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. பதினொன்றாம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் ஒன்றும் கிடைக்காது. 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்பின் மீது வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். கட்டும் பணம் முதலில் எதற்குப் போகிறது, வட்டிக்கா, அசலுக்கா? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலில் வட்டி, மிச்சம்தான் அசல் என்பது இந்திய நீதிமன்றங்கள் பின்பற்றும் பொது விதி. அப்படியானால் ஆடி மாதத்துப் 1,500 ரூபாயை என்ன செய்வது? அன்றுவரை சேர்ந்த வட்டியே 2,600 ரூபாய்க்கு மேல். வட்டியை அடைக்கவே பணம் போதவில்லை. மீதி வட்டியை அசலோடு சேர்த்துவிட்டால் அடுத்த மாதம் அந்த வட்டிக்கும் வட்டி ஓடும், அது கூட்டு வட்டி. சேர்க்காமல் தனியாக ஒரு பாக்கியாக வைத்தால் தனி வட்டி.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1839இல் ஸ்டோரி எதிர் லிவிங்ஸ்டன் என்ற வழக்கில் இதே முடிச்சை அவிழ்த்தது. பணம் முதலில் வட்டிக்குப் போகட்டும். வட்டிக்கு மேல் இருந்தால் அசல் குறையட்டும். வட்டிக்கே போதாவிட்டால் அந்தக் குறையை அசலில் ஏற்றாதே. இன்றும் அங்கே அதற்கு ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் விதி’ என்றே பெயர். மாமாவும் மருமகனும் அந்த வழக்கைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் "வட்டிக்கு வட்டி வேண்டாம்" என்று பேசியிருந்தால் அவர்கள் வந்து சேர்ந்த இடம் அதுதான்.

இனி தாளுக்கு வருவோம். B1 கட்டத்தில் 12% என்று சதவீதக் குறியோடு தட்டவேண்டும். வெறும் 12 என்று தட்டினால் கணினி அதை 1,200 சதவீதமாக எடுத்துக்கொள்ளும். மூன்றாவது வரிசை தலைப்புகளுக்கு: A தேதி, B கட்டியது, C நாள், D வட்டி, E வட்டி பாக்கி, F அசல் பாக்கி. நான்காவது வரிசை தொடக்கம். A4இல் கடன் வாங்கிய தேதி, E4இல் 0, F4இல் 300000. ஐந்தாவது வரிசையிலிருந்து ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் ஒரு வரிசை. அதில் கையால் எழுதவேண்டியவை தேதியும் தொகையும் மட்டுமே. மற்ற நான்கும் சூத்திரங்கள்:

```
C5:  =A5-A4
D5:  =ROUND(F4*$B$1*C5/365,2)
E5:  =MAX(0,E4+D5-B5)
F5:  =F4-MAX(0,B5-E4-D5)
```

முதல் சூத்திரம் இரண்டு தேதிகளைக் கழிக்கிறது. விரிதாளுக்குள் ஒவ்வொரு தேதியும் உண்மையில் ஒரு வரிசை எண்தான். நாளுக்கு ஒன்று கூடும். அதனால் கழித்தால் நாட்கள் கிடைக்கும். சில நேரம் அந்த விடையே ஒரு தேதியைப் போலக் காட்சி தரும். கட்டத்தின் வடிவத்தை எண் என்று மாற்றினால் சரியாகிவிடும். இரண்டாவது சூத்திரம் முந்தைய வரிசையின் அசல் பாக்கிக்கு அத்தனை நாள் வட்டி போட்டு, பைசாவுக்குச் சரிசெய்கிறது.

சூட்சுமம் மூன்றாவதிலும் நான்காவதிலும் இருக்கிறது. பழைய வட்டி பாக்கியையும் இந்த முறை சேர்ந்த வட்டியையும் கூட்டி, கட்டிய பணத்தைக் கழிக்கிறது E. விடை சுழிக்குக் கீழே போனால் MAX அதைச் சுழியிலேயே நிறுத்தும். அதாவது வட்டி முழுக்கத் தீர்ந்தது. F அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறது. பணம் வட்டியைத் தாண்டி எவ்வளவு மிஞ்சியதோ அவ்வளவு மட்டும் அசலிலிருந்து குறையும். மிஞ்சவில்லை என்றால் அசல் அசையாது. பெரிய தொகை, சின்ன தொகை, கட்டாத மாதம் என்று தனித்தனியாகச் சூத்திரம் வேண்டியதில்லை. இந்த இரண்டு வரியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாவது வரிசையின் நான்கு சூத்திரங்களையும் கீழே இழுத்துவிட்டு, தேதிகளையும் தொகைகளையும் நிரப்பினால் தாள் இப்படி நிற்கும்:

| தேதி | கட்டியது | நாள் | வட்டி | வட்டி பாக்கி | அசல் பாக்கி |
|---|---|---|---|---|---|
| 2025-05-05 | | | | 0 | 3,00,000.00 |
| 2025-06-07 | 15,000 | 33 | 3,254.79 | 0 | 2,88,254.79 |
| 2025-07-10 | 12,000 | 33 | 3,127.37 | 0 | 2,79,382.16 |
| 2025-08-08 | 1,500 | 29 | 2,663.70 | 1,163.70 | 2,79,382.16 |
| 2025-09-12 | 25,000 | 35 | 3,214.81 | 0 | 2,58,760.67 |
| 2025-11-14 | 20,000 | 63 | 5,359.54 | 0 | 2,44,120.21 |

ஆடி மாத வரிசையைக் கவனித்தால் கணக்கின் போக்கு புரியும். 2,663.70 ரூபாய் வட்டியில் 1,500 அடைந்தது, 1,163.70 தனியாக நின்றது, அசல் ஒரு பைசா குறையவில்லை. செப்டம்பரில் வந்த 25,000 முதலில் அந்தப் பழைய பாக்கியையும் புதிய 3,214.81 வட்டியையும் தீர்த்துவிட்டு, மீதி 20,621.49 ரூபாயை அசலில் இறக்கியது. அக்டோபரில் பணம் கட்டாததற்குத் தனி வரிசை தேவைப்படவில்லை. நவம்பர் வரிசையில் 63 நாள் என்று வந்து, அந்த மாதத்தின் வட்டியும் அதிலேயே அடங்கிவிட்டது.

ஆக நவம்பர் 14 மாலை பாக்கி 2,44,120 ரூபாய் 21 பைசா. கட்டிய 73,500 ரூபாயில் 17,620.21 வட்டிக்குப் போயிற்று, 55,879.79 அசலுக்குப் போயிற்று.

இதே ஆறு மாதத்தை வேறு வழிகளில் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பது பயனுள்ளது. சண்டையின் அளவு அப்போதுதான் தெரியும். அசல் குறைந்ததைக் கவனிக்காமல் கடைசிவரை மூன்று லட்சத்துக்கே வட்டி போட்டால் 193 நாளுக்கு 19,035.62 ரூபாய் ஆகும். சரியான வட்டியைவிட 1,415 ரூபாய் அதிகம். மாதம் மூவாயிரம் என்று ஆரம்பத்தில் பேசியதையே மனதில் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டு போகிறவர்கள் செய்யும் பிழை இது; கெட்ட எண்ணம் தேவையே இல்லை. அசல் குறையக் குறைய இந்த வித்தியாசம் பெருகும். மாறாக, கட்டியதெல்லாம் முதலில் அசலுக்கே, வட்டியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மருமகன் வாதிட்டால் மொத்த பாக்கி 2,43,679.40 ஆகும். இவ்வளவு பேசியும் ஆறு மாதத்தில் வித்தியாசம் 441 ரூபாய்தான்.

ஆடி மாதத்து 1,163.70 ரூபாயை அசலில் சேர்த்திருந்தால்? அடுத்த 35 நாளில் அதற்கு ஓடியிருக்கும் வட்டி 13 ரூபாய் 39 பைசா. இதற்காகவா தனி நெடுவரிசை என்று தோன்றும். ஒரு மாதக் குறைவுக்கு அது தேவையில்லாததுபோலத்தான் இருக்கும். ஒரு வருடம் முழுக்க ஒன்றும் கட்ட முடியாமல் போனால் தனி வட்டி 36,000, மாதாமாதம் கூட்டினால் 38,047. அதே மூன்று லட்சத்தை மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் தனி வட்டி 1,08,000, கூட்டு வட்டி 1,27,728. வித்தியாசம் இருபதாயிரத்தை நெருங்கும். வட்டி விகிதம் ஏற ஏற, E நெடுவரிசைதான் கடன்காரரைக் காப்பாற்றும் அல்லது மூழ்கடிக்கும்.

E தனியாக இருப்பதால் இன்னொரு வசதியும் உண்டு. எந்த நாளின் பாக்கியும் தெரியவேண்டுமானால் கடைசியில் ஒரு வரிசை சேர்த்து, தேதி இடத்தில் `=TODAY()` என்று போட்டு, தொகையைக் காலியாக விட்டால் போதும். அன்றுவரை சேர்ந்த வட்டி E-யில் நிற்கும். E-யையும் F-ஐயும் கூட்டினால் அன்றைக்கு முழுவதும் அடைக்க வேண்டிய தொகை. பணமே கட்டாத இப்படிப்பட்ட வரிசைகளை இடையில் எத்தனை சேர்த்தாலும் இறுதிப் பாக்கி, ஓரிரு பைசாவைத் தவிர, மாறக்கூடாது. மாறினால் எங்கேயோ வட்டி அசலில் ஏறுகிறது என்று பொருள். இன்னொருவர் தந்த தாளில் ஒளிந்திருக்கும் கூட்டு வட்டியைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை இல்லை.

இனி தவறு நடக்கும் இடங்கள். அதிகம் வதைப்பது தேதி. நாம் தேதியை 10.7.2025 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். நம் ஊரில் வழக்கமாக இருக்கும் அமைப்புகளில் விரிதாள் அதைத் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கழிக்க முயன்றால் `#VALUE!` என்று கத்தும். இது நல்ல பிழை, ஏனென்றால் கண்ணில் படுகிறது. மோசமானது சாய்கோடு. கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 7/6/2025 என்று தட்டியது ஜூன் 7 ஆகாமல் ஜூலை 6 ஆகிவிடும். சத்தமே இல்லாமல் முதல் வரிசையில் 33 நாளுக்குப் பதில் 62 நாளும், 3,254.79 ரூபாய்க்குப் பதில் 6,115.07 ரூபாய் வட்டியும் உட்கார்ந்திருக்கும். அடுத்த 10/7/2025 அக்டோபர் 7 ஆகும். அதற்கடுத்த 8/8/2025 எப்படித் திருப்பினாலும் ஆகஸ்ட் 8தான், அதனால் அங்கே நாட்கள் மைனஸ் 60 என்று வரும். C நெடுவரிசையை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தால் போதும். ஏறத்தாழ மாதம் ஒருமுறை கட்டுகிறவருக்கு அங்கே 25க்கும் 40க்கும் இடைப்பட்ட எண்கள் இருக்கவேண்டும். அதைத் தாண்டிய ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காரணம் தெரிந்திருக்கவேண்டும், அந்த 63 நாளுக்குப் புரட்டாசி காரணமாக இருப்பதுபோல. தேதியை 2025-07-10 என்று வருடத்தை முன்னால் வைத்துத் தட்டினால் எக்செல்லும் கூகுள் ஷீட்ஸும் லிப்ரே ஆபீஸும் குழம்பாமல் புரிந்துகொள்ளும்.

$B$1 என்பதில் உள்ள டாலர் குறிகளை விட்டுவிடுவது அடுத்த பிழை. சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது B1 என்பது B2 ஆகும். அது காலிக் கட்டம், எனவே இரண்டாவது தவணைக்கு வட்டி சுழி. அடுத்த வரிசையில் B3, அது தலைப்பு எழுத்து, எனவே `#VALUE!`. ஒரு வரிசையில் வட்டியே இல்லாமலும் அடுத்ததில் பிழையும் வந்தால் டாலர் குறியைத் தேடலாம்.

ஆனால் எல்லாவற்றிலும் நயவஞ்சகமானது, மறந்துபோன ஒரு தவணையை நடுவில் செருகுவது. ஜூலை 28 அன்று மாமாவின் கணக்குக்கு 5,000 ரூபாய் அனுப்பியது மருமகனுக்குப் பின்னால்தான் ஞாபகம் வருகிறது. ஜூலை 10க்கும் ஆகஸ்ட் 8க்கும் நடுவே ஒரு வரிசையைச் செருகி, தேதியையும் தொகையையும் எழுதி, மேல் வரிசையின் சூத்திரங்களை அதில் ஒட்டுகிறார். புது வரிசை அழகாகக் கணக்குப் போடுகிறது: 18 நாள், 1,653.33 ரூபாய் வட்டி, மீதி 3,346.67 அசலில் குறைந்தது. அவர் திருப்தியாக மூடிவிடுகிறார். கடைசி வரிசையில் பாக்கி மட்டும் பழைய 2,44,120.21ஆகவே இருக்கிறது.

என்ன நடந்தது? ஆகஸ்ட் வரிசையின் சூத்திரம் முன்பு ஜூலை 10 வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் வரிசை நுழைந்ததும் விரிதாள் மிகுந்த விசுவாசத்தோடு, அந்த வரிசை எங்கே இருந்தாலும் அதையே பார்க்கும்படி வைத்துக்கொண்டது. புதிதாக நுழைந்ததை அது கண்டுகொள்ளவே இல்லை. ஐயாயிரம் ரூபாய் தாளில் எழுதப்பட்டிருக்கிறது, கணக்கில் இல்லை.

இதைப் பிடிக்க ஏழாவதாக ஒரு நெடுவரிசை வைக்கலாம். வாங்கிய அசலோடு இதுவரை ஓடிய மொத்த வட்டியைக் கூட்டி, இதுவரை கட்டிய மொத்தத்தைக் கழித்தால் வருவது இன்றைய பாக்கியாக இருந்தே ஆகவேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை G காட்டட்டும்:

```
G5:  =ROUND($F$4+SUM($D$5:D5)-SUM($B$5:B5)-E5-F5,2)
```

கீழே இழுத்தால் ஒவ்வொரு வரிசையிலும் 0 வரவேண்டும். மேலே சொன்ன தவறில் ஜூலை 28 வரிசைவரை 0 இருக்கும், ஆகஸ்ட் 8 வரிசையிலிருந்து -3346.67 என்று நிற்கும். எந்த வரிசையில் முதன்முதலாக 0 மாறுகிறதோ அங்கேதான் சங்கிலி அறுந்திருக்கிறது. திருத்துவது எளிது. ஐந்தாவது வரிசையின் சூத்திரங்களை மறுபடி கடைசிவரை இழுத்துவிட்டால் எல்லா வரிசைகளும் தத்தம் மேல் வரிசையைப் பார்க்கத் தொடங்கும். நடுவில் எதைச் செருகினாலும் நீக்கினாலும் இப்படி இழுத்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. G பிடிக்காத பிழைகளும் உண்டு. தவறான தேதியையோ தவறான வட்டி விகிதத்தையோ அது கண்டுகொள்ளாது. கூட்டல் கழித்தல் கட்டிப்போகிறதா என்பதை மட்டும் சொல்லும்.

இடையில் மாமாவிடமே மறுபடி கைநீட்ட நேரிடலாம். லென்ஸ் வாங்க இன்னொரு 30,000. அதைக் கட்டியது என்ற நெடுவரிசையில் -30000 என்று போட்டுவிடத் தோன்றும். போட்டால் E சூத்திரம் அந்தத் தொகை முழுவதையும் வட்டி பாக்கியாக எடுத்துக்கொள்ளும். அதற்கு வட்டியும் ஓடாது, அசலும் கூடாது. இந்தப் பிழையை G காட்டாது, மொத்தம் சரியாகவே இருக்கும். கடன் தந்தவருக்குத்தான் நட்டம். H என்று ஒரு நெடுவரிசையைப் புதுக் கடனுக்கு ஒதுக்கி, F சூத்திரத்தின் தொடக்கத்தை `=F4+H5-MAX(0,B5-E4-D5)` என்று மாற்றி, G-யிலும் `+SUM($H$5:H5)` சேர்த்துவிட்டால் கணக்கு நேராகும். வட்டி விகிதம் நடுவில் மாறினாலும் இதே மாதிரிதான். B1-ஐத் திருத்தினால் பழைய மாதங்களின் வட்டியும் சேர்ந்து மாறிவிடும். விகிதத்துக்கு ஒரு நெடுவரிசை வைத்து, மாறிய நாளில் தொகை இல்லாத ஒரு வரிசையைப் போட்டு, அதற்கடுத்த வரிசையிலிருந்து புது விகிதத்தை எழுதவேண்டும்.

தாளில் எழுதும் தேதி எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கையில் கொடுத்த பணத்தின் தேதியை இருவரும் வெவ்வேறாக நினைவில் வைத்திருப்பார்கள். வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ அனுப்பினால் கணக்கு அறிக்கையின் தேதியே சாட்சி. சட்டமும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பாக்கி அந்த அளவில் இருக்கும்போது திருப்பிக் கட்டுவதும் வங்கி வழியாகவே இருக்கவேண்டும்.

புரோநோட் எழுதி வாங்கியிருந்தால் இன்னொரு கணக்கும் கூடவே ஓடுகிறது, காலத்தின் கணக்கு. கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டின் மேல் வழக்குப் போட மூன்று வருட வரம்பு உண்டு. அந்த வரம்பு முடிவதற்குள் கடன் வாங்கியவர் ஒரு தொகையைக் கட்டி, அதைத் தன் கையெழுத்தில் அல்லது கையொப்பத்தோடு எழுதிக்கொடுத்தால், கட்டிய நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். நோட்டின் பின்புறம் வரவு வைத்துக் கையெழுத்து வாங்குகிற பழக்கம் அதனால்தான் இன்றும் நிலைத்திருக்கிறது. விரிதாள் அந்த வேலையைச் செய்யாது. அதில் யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் மாற்றலாம். ஆகவே ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் கடைசி வரிசையைப் படமெடுத்து மாமாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பி "சரிதானே மாமா?" என்று ஒரு பதில் வாங்கிவைப்பது, புரோநோட்டுக்கு மாற்று இல்லை என்றாலும், அடுத்த வருடம் முதல் வரிசையிலிருந்து வாதாடுவதைத் தவிர்க்கும்.

கடன் முடியும் நாளில் ஒரு சின்னக் கவனம். கடைசித் தொகையை முந்தைய வரிசையின் பாக்கியைப் பார்த்து அனுப்பினால், இடைப்பட்ட நாட்களின் வட்டி மிச்சமிருக்கும். சில நூறு ரூபாய் வாலாகத் தொங்கும். அனுப்பப்போகும் தேதியைப் போட்டு, தொகையைக் காலியாக விட்டு, E-யும் F-உம் சேர்ந்த தொகையைப் பார்த்து, அதையே B-யில் எழுதி அனுப்பவேண்டும். இரண்டு நெடுவரிசைகளும் 0 ஆகும். முழுத் தொகையாக இருக்கட்டும் என்று கூடுதலாக அனுப்பியிருந்தால் F-இல் ஒரு மைனஸ் எண் தெரியும். அது மாமா திருப்பித் தரவேண்டிய சில்லறை.